நிகழ்ச்சி நிரலை அனுப்பும் முன் சரிபார்ப்பது எப்படி: ஓர் இயக்குநர் கூட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

கூட்டத்திற்கு முன் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் நிகழ்ச்சி நிரலை, அதாவது பேச்சு வழக்கில் நாம் அஜெண்டா என்று சொல்லும் தாளை, எழுதியவரைத் தவிர வேறொருவர் படித்துத் திருத்தும் வழக்கம் பெரும்பாலான சிறு நிறுவனங்களில் கிடையாது. போன கூட்டத்தின் தாளை எடுத்து, தேதியை மாற்றி, இரண்டு மூன்று தலைப்புகளைச் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவதோடு வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. அப்படி அனுப்பப்படும் தாள்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தென்படும். எதற்காகக் கூடுகிறோம் என்பது தெளிவாக இராது; எந்தத் தலைப்புக்கு எவ்வளவு நேரம் என்பது குறிக்கப்பட்டிராது; கூட்டத்திற்கு வரும் முன் படித்துவிட்டு வர வேண்டிய குறிப்புத்தாள் எதுவும் இணைக்கப்பட்டிராது. இந்த மூன்றையும் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறையை, இதற்கு முன் அந்த வேலையைச் செய்திராத ஒருவருக்குப் புரியும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்குப் பத்து இயக்குநர்கள். அனைவரும் விவசாயிகள். ஒடுகத்தூர், ஊசூர், இலவம்பாடி, பள்ளிகொண்டா எனப் பல பக்கங்களிலிருந்தும் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் வருகிறார்கள்; ஒருவர் பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். மாலையில் பால் கறக்க வேண்டியிருப்பதால் பகல் ஒரு மணிக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியாது. சி.இ.ஓ. என்று அழைக்கப்படும் முதன்மைச் செயல் அலுவலர் விவசாயப் பட்டம் பெற்ற இளைஞர். நிகழ்ச்சி நிரலை எழுதுபவர் அவர்தான். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு தலைவருக்கோ, அவர் கேட்டுக்கொண்டால் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கோ வரும். அந்தச் சரிபார்ப்பவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இதற்கு இருக்கும் இடத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றின் இயக்குநர் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கூட்ட அறிவிப்பை முதன்மைச் செயல் அலுவலர் குறைந்தது ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் தர வேண்டும். ஆகவே சரிபார்ப்பவர் கைக்கு வரைவு பத்து நாள் முன்பே வந்தாக வேண்டும். ஏழாம் நாள் இரவு வரும் வரைவில் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, இங்கே சொல்லப்போகும் வேலையைச் செய்ய நேரம் இராது.

வந்த வரைவு இதுதான் என்று வைத்துக்கொள்வோம்:

இயக்குநர் குழுக் கூட்டம், காலை 10.30 மணி, நிறுவன அலுவலகம்
1. கடந்த கூட்ட நடவடிக்கைகள்
2. கணக்கு
3. கடலை உடைக்கும் இயந்திரம் குறித்து
4. உறுப்பினர் பங்குத்தொகை
5. கத்திரிக்காய் சந்தை
6. வங்கிக் கடன்
7. தலைவர் அனுமதியுடன் இதர விவரங்கள்

பார்வைக்குக் குற்றம் சொல்ல முடியாத தாள். ஏழு வரி, எல்லாம் அந்த நிறுவனத்திற்குத் தொடர்புள்ளவை, வரிசை எண்ணும் இருக்கிறது. நம் ஊர்களில் நடக்கும் பத்துக் கூட்டங்களில் ஒன்பதுக்கு இப்படித்தான் தாள் வருகிறது என்றால் மிகையாகாது.

எதிலிருந்து தொடங்குவது

சரிபார்ப்பவர்களில் பலர் முதலில் நேரத்தில் கை வைப்பார்கள், ஏனென்றால் அது எளிது. ஏழு தலைப்பு, இரண்டரை மணி நேரம், தலைப்புக்கு இருபது நிமிடம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டால் திருத்திய தோற்றம் வந்துவிடும். ஆனால் ஒரு தலைப்பில் என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் அதற்கு எத்தனை நிமிடம் என்று எப்படிச் சொல்ல முடியும்? என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் அதற்கு எந்தக் காகிதத்தை முன்கூட்டி அனுப்புவது? மூன்று குறைகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், நோக்கம் மங்கலாக இருப்பதிலிருந்துதான் மற்ற இரண்டும் பிறக்கின்றன. ஆகையால் முதலில் நோக்கம், அடுத்து குறிப்புத்தாள், கடைசியாக நேரம் என்ற வரிசையில் போவதே சரி. நேரத்தைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நல்ல குறிப்புத்தாள் ஒன்று முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் கூட்டத்தில் விளக்கிச் சொல்லும் நேரம் பெரும்பாலும் மிச்சமாகிவிடும்.

நோக்கத்தைச் சோதிக்கும் வழி

மேலே உள்ள தாளில் மூன்றாம் தலைப்பை எடுத்துக்கொள்வோம். "கடலை உடைக்கும் இயந்திரம் குறித்து" என்றால் என்ன? இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்களா, வாங்குவது முடிவாகிவிட்டதால் எந்த இயந்திரம் என்று கேட்கிறார்களா, அல்லது ஏற்கெனவே உள்ள இயந்திரம் பழுதாகிவிட்டது என்று சொல்லப்போகிறார்களா? பத்து இயக்குநர்கள் பத்து விதமாக நினைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் வாங்கவே கூடாது என்று வாதாடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தமக்குத் தெரிந்த கடையில் விலை குறைவு என்று பேசிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் இருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "மல்லாட்டை மிஷின் விஷயம் போன தடவையே பேசினோமே" என்று யாராவது சொல்லக் கேட்டால், அந்தப் போன தடவையிலும் தலைப்பு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பலாம்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, கூட்டம் முடிந்தபின் அந்தத் தலைப்பின் கீழ் எழுதப்போகும் தீர்மான வாசகத்தை இப்போதே எழுதிப் பாருங்கள். எண்களுக்கும் பெயர்களுக்கும் இடம் விட்டு எழுதலாம்: "மணிக்கு ...... கிலோ திறனுள்ள கடலை உடைக்கும் இயந்திரம் ஒன்றை, ...... என்ற விற்பனையாளரிடமிருந்து, ரூ. ...... விலையில் வாங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது." இந்த வாசகத்தை எழுத முடிந்தால் நோக்கம் உள்ளது. எழுத உட்கார்ந்தபோது பேனா நின்றுவிட்டால், எழுதியவருக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். கோடிட்ட இடங்கள் இன்னொரு வேலையையும் செய்கின்றன: அவற்றை நிரப்புவதற்கு என்னென்ன விவரம் தேவையோ, அவைதான் முன்கூட்டி அனுப்ப வேண்டிய குறிப்புத்தாளின் உள்ளடக்கம்.

எல்லாத் தலைப்புக்கும் தீர்மானம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தலைப்பு மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கலாம். முடிவு எடுக்க வேண்டியது ஒரு வகை. முடிவை அடுத்த கூட்டத்திற்கு விட்டுவிட்டு, இப்போது கருத்து மட்டும் கேட்க வேண்டியது இரண்டாவது வகை. தகவலாகச் சொல்லப்படுவது மூன்றாவது. வரைவை எழுதியவரிடம் ஒவ்வொரு தலைப்புக்கும் இந்த மூன்றில் எது என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். "கணக்கு" என்பது தகவலா, அல்லது அதை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் தேவையா? "பங்குத்தொகை" என்றால் யார் யார் பாக்கி என்று படிப்பதா, அல்லது பாக்கி வைத்தவர்களுக்குக் கடைசித் தேதி குறிப்பதா?

இங்கே ஒரு எச்சரிக்கை. தலைப்புக்கு வினைச்சொல் சேர்க்கச் சொன்னால், பலர் "விவாதித்தல்", "பரிசீலித்தல்" என்று சேர்த்துவிட்டுத் திருத்தம் முடிந்ததாக நினைப்பார்கள். "கடலை உடைக்கும் இயந்திரம் குறித்து விவாதித்தல்" என்பது முன்பிருந்ததைவிட எந்த வகையிலும் தெளிவானதன்று. விவாதம் என்பது வழி; அதன் மறுமுனையில் என்ன கிடைக்க வேண்டும் என்பதைத்தான் நிரல் சொல்ல வேண்டும். இந்தச் சொற்களுக்குப் பதிலாகத் தலைப்பையே ஒரு கேள்வியாக எழுதச் சொல்வது நல்ல பலன் தரும். கேள்வியாக எழுதும்போது மங்கலாக விட்டுவிட முடியாது.

கத்திரிக்காய் தலைப்பில் இதைச் செய்து பார்ப்போம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "கத்திரிக்காய் சந்தை" என்று மட்டும் எழுதினால், நேதாஜி மார்க்கெட்டில் இந்த வாரம் விலை சரிந்தது பற்றிப் பேசுவதற்கென்று ஒருவர் வருவார். குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமைக்குப் பதிவு செய்வது எப்படி என்று கேட்க ஒருவர் வருவார். சி.இ.ஓ.வை அழைத்து, "தம்பி, இதுல கடைசியில நமக்கு என்ன தெரிஞ்சாகணும்?" என்று கேளுங்கள். அவர் சற்று யோசித்து, "அடுத்த பருவத்துக்கு நாமே காயைச் சேகரிச்சு தரம் பிரிச்சு அனுப்பலாமான்னு பார்க்கிறேன் சார், அதுக்கு எங்க இடம் பிடிக்கிறதுன்னு டைரக்டருங்க கருத்து வேணும்" என்று சொல்லக்கூடும். அப்படியானால் இது முடிவுக்கான தலைப்பு அல்ல, கருத்துக் கேட்பதற்கானது. அதன் கேள்வி இதுதான்: "கத்திரிக்காய் சேகரிப்பு நிலையத்தை எந்த ஊரில் வைத்தால் உறுப்பினர்கள் எளிதாகக் கொண்டுவந்து தருவார்கள்?" விலைச் சரிவைப் பற்றிப் பேச வந்தவருக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியும்; அவர் பேச்சும் வீணாகாது.

தீர்மான வாசகங்களை எழுதிப் பார்க்கும்போது தலைப்புகளுக்கு இடையிலான தொடர்பும் வெளியே வரும். ஆறாவதாக உள்ள வங்கிக் கடன் எதற்கு? இயந்திரம் வாங்கத்தான். அப்படியானால் மூன்றாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே பங்குத்தொகையும் கத்திரிக்காயும் வருவது பொருந்தாது. இயந்திரம் வேண்டாம் என்று முடிவானால் கடன் தலைப்பே தேவைப்படாது. அதனால் கடனை இயந்திரத்தின் அடியிலேயே கொண்டுவந்து, "வாங்குவதென முடிவானால் மட்டும்" என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

குறிப்புத்தாள்: என்ன, எவ்வளவு, எப்போது

கூட்டத்திற்கு முன் படித்துவிட்டு வர வேண்டிய தாள் இல்லை என்பதை நிரலைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம் என்று தோன்றும். இணைப்பு ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்றுதானே பொருள்? அவ்வளவு எளிதன்று. "விலைப்புள்ளிகள் கூட்டத்தில் வைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தால் அதுவும் இல்லாததற்குச் சமம். நாற்பது பக்க விலைப்புள்ளிகளை ஸ்கேன் செய்து இணைத்து, அதில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் விடுவதும் அதுவே. விற்பனையாளர் தந்த ஆங்கிலத் தாளை அப்படியே அனுப்பினால், தமிழில் மட்டும் படிக்கும் இயக்குநருக்கு எதுவும் அனுப்பவில்லை என்றுதான் அர்த்தம். மலையிலிருந்து வருபவருக்கு சிக்னல் கிடைக்காத நாளில் வாட்ஸ்அப்பில் போட்ட பெரிய கோப்பு திறக்காது; அவருக்கு அச்சடித்த தாளை யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

சரிபார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த முடிவை மாற்றக்கூடிய எந்த எண்ணை இயக்குநர்கள் முதன்முறையாகக் கூட்டத்தில்தான் கேட்கப் போகிறார்கள்? அப்படி ஓர் எண் இருந்தால் அது குறிப்புத்தாளில் இருந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தின் விஷயத்தில் அந்த எண் விலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். நம் எடுத்துக்காட்டில் உறுப்பினர்கள் ஒரு பருவத்தில் கொண்டுவரும் கடலை 60 டன் என்று கொள்வோம். பார்வையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. சிறியது மணிக்கு 200 கிலோ உடைக்கும்; அலுவலகத்தில் இப்போதுள்ள சிங்கிள் ஃபேஸ் இணைப்பிலேயே ஓடும். பெரியது மணிக்கு 400 கிலோ உடைக்கும். அதற்குத் திரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். 60 டன்னை உடைக்கச் சிறியதற்கு 300 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 38 நாள். பெரியதற்கு 150 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 19 நாள். ஆகவே இயக்குநர்கள் உண்மையில் தீர்மானிக்க வேண்டியது, உறுப்பினர்கள் தங்கள் கடலையை உடைத்து வாங்க ஒரு மாதத்திற்கு மேல் காத்திருப்பார்களா, அதற்குள் வியாபாரியிடம் அப்படியே விற்றுவிடுவார்களா என்பதை. இதற்கு விடை தெரிந்தவர்கள் இயக்குநர்களே. ஆனால் கூட்டத்திற்கு வந்து உட்கார்ந்த பிறகு இந்தக் கணக்கை முதன்முறையாகக் கேட்டால், தங்கள் ஊரில் நாலு பேரை விசாரித்துவிட்டு வந்து சொல்ல அவர்களுக்கு வழியில்லை. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று ஒத்திவைப்பார்கள்; அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

ஆகவே குறிப்புத்தாள் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் இருந்தால் போதும். முதல் வரியிலேயே என்ன முடிவு கேட்கப்படுகிறது என்று இருக்க வேண்டும். பின்னணியை விவரித்துவிட்டுக் கடைசியில் கேள்விக்கு வரும் நம் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். அதன்பின் மேற்சொன்ன நாள் கணக்கு, விலைப்புள்ளிகளின் ஒப்பீடு, கையிருப்பில் உள்ள பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு தேவைப்படும் என்பது, கடைசியாகச் சி.இ.ஓ.வின் பரிந்துரையும் அதற்கான காரணமும். விலை ஒப்பீட்டில் ஓர் இடம் அடிக்கடி ஏமாற்றும். ஒருவர் ஜி.எஸ்.டி.யையும் வண்டி வாடகையையும் சேர்த்து விலை சொல்லியிருப்பார். இன்னொருவர் இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்லியிருப்பார். இருவரையும் ஒரே அட்டவணையில் அப்படியே போட்டால் தவறானவர் மலிவாகத் தெரிவார். பெரிய இயந்திரத்தின் விலையோடு மின் இணைப்பை மாற்றும் செலவையும் சேர்த்தே காட்ட வேண்டும். சரிபார்ப்பவர் அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்து, அது எல்லாம் அடங்கிய தொகையா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

விலைப்புள்ளிகளை முன்கூட்டி அனுப்பினால் அது வெளியே கசிந்து, வேறொரு விற்பனையாளர் காதுக்குப் போய்விடுமே என்று சில தலைவர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதுதான். அப்படிப்பட்ட இடத்தில் விற்பனையாளர் பெயரை நீக்கி அ, ஆ, இ என்று குறித்து அனுப்பலாம். பெயர்களைக் கூட்டத்தில் சொல்லலாம். நாள் கணக்கும் திறனும் பண நிலையும் முன்கூட்டியே போவதற்கு இது தடையன்று. ஆனால் பெயரை மறைத்து அனுப்பினால் ஒரு சிக்கல் உண்டு: இயக்குநர் ஒருவரின் உறவினர் அந்த விற்பனையாளராக இருந்தால், தம் தொடர்பை அவர் முன்கூட்டிச் சொல்ல வாய்ப்பில்லாமல் போகும். எனவே கூட்டத்தில் பெயர்கள் வெளியானவுடன், பேச்சைத் தொடங்கும் முன்பே, யாருக்காவது தொடர்பு உண்டா என்று தலைவர் கேட்க வேண்டும் என நிரலிலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

தகவல் வகைத் தலைப்புகளுக்குக் குறிப்புத்தாள் போய்விட்டால் தலைப்பே சுருங்கிவிடும். பங்குத்தொகை பாக்கிப் பட்டியலைக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயராகப் படிப்பதால் யாருக்கும் பயனில்லை. பட்டியலை அனுப்பிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று ஐந்து நிமிடம் வைத்தால் போதும். காலாண்டுக் கணக்குக்கும் இதுவே பொருந்தும்.

நேரம்: கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்

இப்போதுதான் நேரத்திற்கு வருகிறோம். நம் வரைவில் 10.30 என்று தொடக்கம் இருக்கிறது. முடியும் நேரம் இல்லை. முடியும் நேரம் எழுதப்படாத கூட்டம், பேருந்துக்கு முதலில் எழுந்து போகிறவரின் நேரத்தில்தான் முடியும், அதுவும் பெரும்பாலும் முக்கியமான தலைப்பின் நடுவில். ஆகவே முதல் திருத்தம் "காலை 10.30 முதல் பகல் 1.00 வரை" என்று எழுதுவது. கையில் உள்ளது 150 நிமிடம்.

முடிவெடுக்கும் தலைப்புக்கு நேரத்தை மதிப்பிடுவதற்கு நான் பயன்படுத்தும் கணக்கு எளிது: விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம், பேசக்கூடிய ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம், தீர்மான வாசகத்தை எழுதிப் படித்துக் காட்டப் பத்து நிமிடம். பத்து இயக்குநர்கள் என்றால் 5, 30, 10, ஆக மொத்தம் 45 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். அதன் விளைவு, எல்லோரும் ஒத்துக்கொண்டதாக எண்ணிக் கலைந்த பிறகு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதப்பட்டதை அடுத்த கூட்டத்தில் படிக்கும்போது "நாங்க இப்படிச் சொல்லவே இல்லையே" என்று குரல் எழுவது.

திருத்தப்படாத வரைவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். எது முடிவுக்கு, எது தகவலுக்கு என்று தெரியாததால் எல்லாத் தலைப்பிலும் எல்லோரும் பேசுவார்கள். கடந்த கூட்ட நடவடிக்கைக்கு 10, கணக்குக்கு 30, இயந்திரத்திற்கு 45, பங்குத்தொகைக்கு 30, கத்திரிக்காய்க்கு 40, கடனுக்கு 45, இதரவற்றுக்கு 15, தேநீருக்கு 10 என்று கொண்டால் 225 நிமிடம் வருகிறது. உள்ளதோ 150. அதாவது இந்தத் தாள் அனுப்பப்பட்ட நிமிடத்திலேயே ஒன்றேகால் மணி நேரம் கடனில் இருக்கிறது. வரைவை எழுதியவரிடம் "தலைப்பு அதிகம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் கூட்டலைக் காட்டுவது நல்லது, ஏனென்றால் கூட்டலோடு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

நோக்கத்தையும் குறிப்புத்தாளையும் சரிசெய்த பிறகு அதே ஏழு தலைப்புகள் எப்படி அடங்குகின்றன என்று பார்க்கலாம். பங்குத்தொகை 30இலிருந்து 5 ஆகிறது; கணக்கு 30இலிருந்து 10 ஆகிறது. கடன் முழுக்க இயந்திரத்தோடு இணைந்துவிட்டதாலும், வட்டியும் தவணையும் குறிப்புத்தாளில் இருப்பதாலும் 25 போதும். கத்திரிக்காயில் ஒரே கேள்வி மட்டும் இருப்பதாலும், தீர்மானம் எழுத வேண்டியதில்லை என்பதாலும் 25. இதரவற்றுக்கு 5. இயந்திரத்தின் 45இல் மட்டும் கை வைக்கவில்லை. மொத்தம் 135 நிமிடம் ஆகிறது. 15 நிமிடம் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை எந்தத் தலைப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். மலையிலிருந்து வரும் பேருந்து தாமதமாகும். குறைந்தபட்ச எண்ணிக்கை சேர்ந்த பிறகுதான் கூட்டத்தைத் தொடங்கவே முடியும்.

திருத்திய நிரல் இப்படி அமையும்:

இயக்குநர் குழுக் கூட்டம், காலை 10.30 முதல் பகல் 1.00 வரை, நிறுவன அலுவலகம்
நோக்கம்: அடுத்த பருவத்திற்குள் கடலை உடைக்கும் இயந்திரம் வாங்குவது பற்றியும் அதற்கான கடன் பற்றியும் முடிவு செய்தல்

10.30 வருகைப் பதிவு, கடந்த கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல் (10 நிமிடம்)
10.40 முடிவு: இயந்திரம் வாங்குவதா? வாங்கினால் மணிக்கு 200 கிலோவா, 400 கிலோவா, யாரிடம்? (45 நிமிடம், குறிப்புத்தாள் 1)
11.25 முடிவு, வாங்குவதென முடிவானால் மட்டும்: எந்த வங்கியில் எவ்வளவு கடன் கேட்பது? (25 நிமிடம், குறிப்புத்தாள் 2)
11.50 தேநீர் (10 நிமிடம்)
12.00 கருத்து: கத்திரிக்காய் சேகரிப்பு நிலையத்தை எந்த ஊரில் வைக்கலாம்? (25 நிமிடம், குறிப்புத்தாள் 3)
12.25 தகவல்: பங்குத்தொகை பாக்கி (5 நிமிடம், பட்டியல் இணைப்பு)
12.30 தகவல்: காலாண்டுக் கணக்கு (10 நிமிடம், சுருக்கம் இணைப்பு)
12.40 இதர விவரங்கள், பணச் செலவுள்ள முடிவுகள் தவிர (5 நிமிடம்)

தாளின் மேலே வந்திருக்கும் நோக்க வரியைக் கவனியுங்கள். தாளில் ஏழெட்டுத் தலைப்புகள் இடம்பெறலாம். ஆனால் கூட்டம் எதற்காகக் கூட்டப்பட்டது என்று கேட்டால் ஒரு விடைதான் இருக்க வேண்டும். நேரம் தட்டிப்போனால் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று தலைவர் முடிவு செய்ய அந்த வரி உதவும். "இதர" என்ற தலைப்பில் பணச் செலவுள்ளவற்றை விலக்கியதும் காரணமில்லாமல் அல்ல. குறிப்புத்தாள் இல்லாமல் ஒரு செலவை நுழைக்க விரும்புகிறவர் தேர்ந்தெடுக்கும் வாசல் அதுதான். எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் தலையாட்டிவிடுவார்கள்.

நேரம் எழுதியிருந்தாலும் அது யோசித்து எழுதப்பட்டதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. எல்லாத் தலைப்புக்கும் சமமாகப் பதினைந்து நிமிடம் என்று இருந்தால், யாரும் யோசிக்கவில்லை. அதேபோல் கடினமான தலைப்பு கடைசியில் வைக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் அனுபவமுள்ள சிறு விஷயம், அதாவது தேநீர்ச் செலவு, நாற்காலி வாடகை போன்றவை, கொடுத்த நேரத்தை எல்லாம் விழுங்கிவிடும். கடன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தயங்குபவர்கூட நாற்காலி வாடகை அதிகம் என்று தயங்காமல் சொல்வார். ஆகவே பெரிய முடிவை ஆட்கள் களைப்படையாத முதல் மணி நேரத்தில் வைக்க வேண்டும்.

திருத்தத்தை எப்படிச் சொல்வது

வரைவை எழுதியவர் வயதில் இளையவராகவோ, பதவியில் கீழே உள்ளவராகவோ இருந்தால், சிவப்பு மையில் "தெளிவில்லை" என்று மூன்று இடத்தில் எழுதித் திருப்பி அனுப்புவது எளிது. ஆனால் அடுத்த முறையும் அவர் அதே தாளைத்தான் எழுதுவார், ஏனென்றால் எது தெளிவு என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. அதைவிட ஒரே ஒரு தலைப்பின் தீர்மான வாசகத்தை அவருடன் உட்கார்ந்து எழுதிவிட்டு, மற்றவற்றை அவரையே எழுதச் சொல்வது நல்லது. தலைவரே வரைவை எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்போது கேள்வியாகக் கேட்பதே மரியாதை: "ஐயா, மூணாவதுல என்ன தீர்மானம் எழுதணும்னு சொல்லிட்டீங்கன்னா மினிட்ஸ் புத்தகத்துல இடம் விட்டு வெச்சுடுவேன்." குறை சொன்னதாக இராது, ஆனால் பதில் சொல்ல அவர் யோசித்தே ஆக வேண்டும்.

சில கூட்டங்களுக்கு இந்த முறை முழுவதும் பொருந்தாது. மழையில் கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றால் ஏழு நாள் காத்திருக்க முடியாது. அதைவிடக் குறைந்த கால அவகாசத்தில் கூட்டத்தைக் கூட்டச் சட்டமும் இடம் தருகிறது, காரணத்தைக் குழு எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அப்போதும் ஒரே தலைப்பு, ஒரே கேள்வி, அரை மணி நேரம் என்று எழுதுவதற்குத் தடையில்லை. குறிப்புத்தாளுக்குப் பதிலாக நிலவரத்தைச் சி.இ.ஓ. தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். இரண்டு இயக்குநர்களுக்கு இடையே மனக்கசப்பு இருந்து, அதைப் பேசித் தீர்க்கவென்றே கூடும் கூட்டத்தில் மூன்று நிமிடக் கணக்கைப் போடுவதும் பொருந்தாது. அங்கே நோக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நேரத்தைத் தாராளமாக விடுவதே முறை.

கூட்டம் நடக்கும்போது ஒவ்வொரு தலைப்பும் உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மினிட்ஸ் எழுதுபவர் நிரலின் ஓரத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த வரைவைச் சரிபார்ப்பவருக்கு நான் மேலே சொன்ன மூன்று நிமிடக் கணக்கு தேவைப்படாது. அந்தக் குழுவில் ஒருவர் பேச எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பது இரண்டு மூன்று கூட்டங்களின் தாள்களிலேயே தெரிந்துவிடும். சில குழுக்களில் அது இரண்டு நிமிடமாக இருக்கும்; சிலவற்றில் ஆறு நிமிடம். ஆறு நிமிடம் என்றால் இயந்திரத் தலைப்பு ஒன்றே ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்; அப்போது கத்திரிக்காயை அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது அழைப்பு அனுப்பும் முன்பே தெரிந்திருக்கும்.